எல்லையில் நின்றுவிடும் கூட்டல்

16 பிட்டில் பதிந்த ஒலியில் ஒவ்வொரு சாம்பிளும் −32768-க்கும் 32767-க்கும் இடைப்பட்ட ஒரு முழு எண். இரண்டு ஒலித்தடங்களைக் கலப்பதென்றால், ஒரே கணத்துக்குரிய இரண்டு சாம்பிள்களைக் கூட்டி எழுதுவதுதான் வேலை. ஒரு தடத்தில் 20000, இன்னொன்றில் 15000 இருந்தால் விடை 35000 வர வேண்டும். அந்த எண்ணை வைக்க 16 பிட்டில் இடமில்லை. வழக்கமான கூட்டி மேல் எல்லையைத் தாண்டியதும் கீழ் எல்லையிலிருந்து எண்ணத் தொடங்கி, −30536 என்று எழுதிவிடும். முன்னோக்கித் தள்ளப்பட வேண்டிய ஸ்பீக்கர் ஏறக்குறைய முழு வீச்சில் பின்னோக்கி இழுக்கப்படும்; காதில் ‘டக்’ என்று அறையும். சாச்சுரேட்டிங் கூட்டி அப்படிச் சுற்றி வராது. 32767 என்று எழுதிவிட்டு அங்கேயே நிற்கும். முதல் விடையில் பிழை 65536. இரண்டாவதில் 2233.

இந்த ஒப்பீட்டைப் பார்த்த யாரும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். சிக்னல் தொடர்பான நிரல்களை எழுதுபவர்களிடம் ‘எங்கெல்லாம் கூட்டல் வருகிறதோ அங்கெல்லாம் சாச்சுரேஷன் போடு’ என்ற பழக்கம் இதிலிருந்துதான் வந்தது. அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே இங்கே என் கேள்வி. ஒரே ஒரு கூட்டலை மட்டும் எடுத்துக்கொண்டால் சாச்சுரேஷனுக்கு எதிராகச் சொல்ல ஒன்றுமில்லை. அது தரும் விடை, உண்மையான விடைக்கு மிக அருகில் இருக்கும், அந்த அகலத்தில் எழுதக்கூடிய எண். ஆனால் சிக்னல் வேலையில் கூட்டல் தனியாக வருவதே அரிது. நூறு பெருக்கல்களின் விடைகளை வரிசையாகக் கூட்டுவோம். ஒரு கூட்டலின் விடை அடுத்த கூட்டலுக்குள் போகும். சில சமயம் சுற்றி வந்து அதே கூட்டிக்குள் மறுபடி நுழையும். தனிக் கூட்டலுக்கு உண்மையான ஒன்று இந்தச் சங்கிலிகளுக்கும் உண்மை என்று யாரும் தானாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் இந்தக் கூட்டி என்ன செய்கிறது என்று உள்ளே பார்த்துவிடுவோம். எதிர்ம எண்களை இரண்டின் நிரப்பி முறையில் எழுதும்போது தலைப் பிட் குறியைச் சொல்கிறது: 0 என்றால் நேர்மம், 1 என்றால் எதிர்மம். குறி வேறுபட்ட இரண்டு எண்களைக் கூட்டும்போது எல்லையைத் தாண்டவே முடியாது. ஒரே குறியுள்ள இரண்டு எண்களைக் கூட்டி, விடையின் குறி மாறி வந்தால் எல்லை தாண்டியாயிற்று என்று பொருள். சுற்று இதை மட்டும் கவனித்தால் போதும். தாண்டியது தெரிந்தவுடன், தவறாக வந்த அந்தக் குறிப் பிட்டே சரியான மாற்று விடையையும் தந்துவிடுகிறது. விடையின் கீழ் 15 பிட்டுகளிலும் அந்தத் தவறான குறியை நகலெடுத்து, தலைப் பிட்டில் அதன் எதிரிடையை வைத்தால் முடிந்தது. மேலே வழிந்திருந்தால் தவறான குறி 1. ஆக விடை `0111111111111111`, அதாவது 32767. கீழே வழிந்திருந்தால் தவறான குறி 0. விடை `1000000000000000`, அதாவது −32768. எளிமையான, அழகான அமைப்பு.

செலவு நேரத்தில் இருக்கிறது. மீதி எண் கீழ்ப் பிட்டிலிருந்து மேல் நோக்கி நகர்வதால், எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தெரிய வருவது தலைப் பிட்தான். சாச்சுரேஷன் முடிவோ அந்தத் தலைப் பிட்டை நம்பியிருக்கிறது. அது வந்த பிறகே ஒரு மல்டிபிளெக்ஸர் வரிசை, கூட்டிய விடையை விடுவதா எல்லை எண்ணை விடுவதா என்று 16 பிட்டுகளுக்கும் ஒன்றாக மாற வேண்டும். ஆகவே அதே தொழில்நுட்பத்தில் கட்டிய சாதாரணக் கூட்டியைவிட இது எப்போதும் சற்று மெதுவானது. பெரும்பாலான வேலைகளில் இந்தத் தாமதம் பொருட்டல்ல என்பதால் இதை எதிர்வாதமாக நான் வைக்கப் போவதில்லை. என் எதிர்வாதம் கணக்கில் இருக்கிறது.

மூன்று எண்களைக் கூட்டுவோம்: 30000, 10000, −10000. உண்மையான விடை 30000; 16 பிட்டுக்குள் வசதியாக அடங்குகிறது. சாச்சுரேட்டிங் கூட்டியில் முதல் இரண்டையும் கூட்டினால் 40000 வர வேண்டிய இடத்தில் 32767 வரும். அதிலிருந்து 10000 கழிந்து 22767. பிழை 7233. அதே மூன்று எண்களில் பின்னிரண்டை முதலில் கூட்டினால் பூஜ்யம், அதனுடன் 30000 சேர்த்தால் சரியான விடை. கூட்டும் வரிசையை மாற்றினால் விடை மாறுகிறது. கூட்டலின் சேர்ப்புப் பண்பு போய்விட்டது.

இப்போது எல்லாரும் வெறுக்கும் சுற்றிவரும் கூட்டியிடம் அதே கணக்கைக் கொடுங்கள். 30000-உம் 10000-உம் சேர்ந்து −25536 ஆகும். பார்க்கவே அபத்தமான எண். அதிலிருந்து 10000 கழித்தால் −35536. இதுவும் எல்லைக்கு வெளியே. ஆகவே மறுபக்கமாகச் சுற்றி, 65536 கூடி, 30000 என்று வந்து நிற்கும். மிகச் சரியான விடை. இது தற்செயல் அல்ல. சுற்றிவரும் கூட்டல் 65536-இன் மடங்குகளை மட்டுமே தொலைக்கிறது. நடுவில் எத்தனை முறை தாண்டினாலும், இறுதி விடை எல்லைக்குள் அடங்குவதாக இருந்தால் தொலைந்த மடங்குகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும். சாச்சுரேஷன் தொலைப்பது அப்படிப்பட்டதல்ல. எவ்வளவு வெட்டினோம் என்ற செய்தியே அதில் அழிந்துவிடுகிறது. 40000 வந்திருந்தாலும் 60000 வந்திருந்தாலும் அது எழுதுவது 32767 மட்டுமே. பிறகு வரும் எந்தக் கணக்காலும் அதை மீட்க முடியாது.

இந்த வேறுபாடு வெறும் கணித நயம் என்று நினைப்பவர்களுக்காக, சுற்றிவரும் கூட்டலையே நம்பி நடைமுறையில் கட்டப்படும் ஒரு கருவியைக் காட்டுகிறேன். 1981-இல் யூஜின் ஹோகனாவர் ஒரு ஆய்வுக் கட்டுரையில் சிஐசி என்று இன்று அழைக்கப்படும் ஃபில்டரை முன்வைத்தார். ரேடியோ ரிசீவர்களிலும் அனலாக்கை டிஜிட்டலாக்கும் சிப்களிலும் சாம்பிள் வேகத்தைக் குறைக்க இது பரவலாகப் பயன்படுகிறது. பெருக்கியே தேவையில்லை என்பது இதன் பலம். இதன் முதல் பாதி, வருவதையெல்லாம் ஓயாமல் கூட்டிக்கொண்டே போகும் ஒரு தொகுப்பி. இரண்டாம் பாதி, தொகுப்பியின் இப்போதைய மதிப்பிலிருந்து முந்தைய மதிப்பைக் கழிக்கும் ஒரு கழிப்பி. தொகுப்பிக்குத் தொடர்ந்து நேர்ம எண்களே வந்தால் அது எல்லையைத் தாண்டியே தீரும். தாண்டட்டும் என்று விட்டுவிடுவதுதான் வடிவமைப்பு.

கையால் போட்டுப் பார்க்க 8 பிட் போதும். எல்லைகள் −128, 127. ஒவ்வொரு முறையும் 50 வருகிறது என்று வையுங்கள். சுற்றிவரும் தொகுப்பியில் 50, 100, −106, −56 என்று போகும். அடுத்தடுத்த வேறுபாடுகளை எடுத்தால்: 100-இலிருந்து 50 போக 50, −106-இலிருந்து 100 போக −206, அது சுற்றி 50, −56-இலிருந்து −106 போக 50. உள்ளே குழப்பம்போல் தெரிந்தாலும் வெளியே வருவது ஒவ்வொரு முறையும் சரி. தொகுப்பியில் ஒரு சாச்சுரேஷனை வைத்துவிட்டால் 50, 100, 127, 127, 127 என்று நின்றுவிடும். வேறுபாடுகள் 50, 27, பிறகு பூஜ்யம், பூஜ்யம். உள்ளே சிக்னல் வந்துகொண்டே இருக்கிறது, வெளியே ஒன்றுமில்லை. ‘பாதுகாப்புக்காக’ போட்ட ஒரு மாற்றம் கருவியை ஊமையாக்கிவிட்டது. இத்தகைய கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு நேரடி வழி உண்டு: நிலையான ஓர் எண்ணை உள்ளே கொடுத்துவிட்டு, வெளியீடு சில சாம்பிள்களுக்குப் பின் பூஜ்யத்துக்கு விழுகிறதா என்று பார்ப்பது. விழுந்தால் தொகுப்பி எல்லையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்து சாச்சுரேஷனைத் தள்ளிவிட்டால் அதுவும் அநீதியாகும். இதற்கு நேர்மாறான ஓர் இடம் இருக்கிறது. அங்கே சுற்றிவரும் கூட்டல் விடையைக் கெடுப்பதோடு நிற்காமல் ஃபில்டரையே நிரந்தரமாகக் கெடுத்துவிடும். வெளியீடு மறுபடி உள்ளே திரும்பி வரும் ஃபில்டர்தான் அந்த இடம். பாஸ், ட்ரெபிள் திருத்தங்கள் முதல் அதிர்வை அடக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றுகள் வரை எங்கும் இருப்பது இதன் இரண்டாம் படி வடிவம்:

```
y[n] = 1.8*y[n-1] - 0.9*y[n-2] + x[n]
```

மதிப்புகள் −1-க்கும் +1-க்கும் இடையே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தாண்டினால் 2-ஐக் கூட்டியோ கழித்தோ உள்ளே கொண்டுவருவதுதான் இங்கே சுற்றிவருதல். இந்தக் குணகங்கள் நிலையானவை. உள்ளீட்டை நிறுத்திவிட்டால், எல்லையே இல்லாத கணக்கில் வெளியீடு ஊசலாடிக்கொண்டே தேய்ந்து பூஜ்யத்துக்குப் போய்விடும்.

உள்ளீடு நின்ற கணத்தில் கடைசி மதிப்பு 0.54, அதற்கு முந்தையது −0.54 என்று இருந்ததாகக் கொள்ளுங்கள். அடுத்தது 1.8 × 0.54 + 0.9 × 0.54 = 1.458. எல்லை தாண்டுகிறது, 2 கழிந்து −0.542. அதற்கடுத்தது −1.4616, 2 கூடி 0.538. பிறகு −0.543. பிறகு 0.538. இப்படியே 0.54-ஐ ஒட்டி மேலும் கீழும் தாவிக்கொண்டே இருக்கும், முடிவே இல்லாமல். உள்ளே ஒரு சிக்னலும் வரவில்லை; வெளியே பாதிக்கும் மேற்பட்ட வீச்சில் சத்தம். காரணத்தை ஒரே வரியில் சரிபார்க்கலாம்: Y, −Y என்று மாறி மாறி வரும் ஊசலாட்டம் நிலைக்க வேண்டுமென்றால் −2.7Y + 2 என்பது Y ஆக இருக்க வேண்டும்; அப்படியானால் Y = 2 ÷ 3.7, அதாவது 0.5405. நடந்தது அதுதான். இதைவிட மோசமானது, இந்த ஊசலாட்டம் உறுதியானது என்பது. சிறிய விலகல்கள் வந்தால் அவை தேய்ந்து, ஃபில்டர் மறுபடி அதே ஊசலாட்டத்துக்குத் திரும்பும். ஃபில்டரின் நிலைத்தன்மையே இங்கே எதிரியாகிவிடுகிறது.

அதே இரண்டு மதிப்புகளோடு, மொத்தக் கூட்டலின் முடிவில் சாச்சுரேஷன் வைத்துப் போட்டால்: 1.458 என்பது 1 ஆக வெட்டப்படும். அடுத்தது 1.314, மறுபடி 1. அடுத்தது 0.9, பிறகு 0.72, 0.486, 0.227, −0.029. இதற்குப் பின் எல்லையைத் தொடவே இல்லை. வழக்கமான தேய்மானம் தொடங்கிவிட்டது. இரண்டு சாம்பிள் தவறாக வந்தன, கதை முடிந்தது. ஈபர்ட், மேஸோ, டெய்லர் என்ற மூவர் 1969-இல் பெல் ஆய்வகத்தின் இதழில் எழுதிய கட்டுரை இதைப் பொதுவாகவே நிறுவியது: நிலையான இரண்டாம் படி ஃபில்டரில் சாச்சுரேஷன் இருந்தால், உள்ளீடு இல்லாதபோது ஓவர்ஃப்ளோவால் எழும் ஊசலாட்டம் நீடிக்காது. இந்த ஒரு முடிவே சாச்சுரேட்டிங் கூட்டிக்கு நிரந்தர இடம் பெற்றுத் தரப் போதுமானது என்று நினைக்கிறேன். ஸ்பீக்கரில் ஒரு ‘டக்’ சத்தத்தைத் தவிர்ப்பது நல்லதுதான். ஆனால் இங்கே அது தவிர்ப்பது, பவரை அணைத்துப் போட்டால் ஒழிய நிற்காத ஓர் அலறலை.

இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு நுணுக்கம் தெரியும். ஃபில்டர் உதாரணத்தில் நான் சாச்சுரேஷனை ஒவ்வொரு கூட்டலிலும் வைக்கவில்லை. 1.8 பெருக்கலின் விடையும் 0.9 பெருக்கலின் விடையும் சேர்ந்து முழுத்தொகையான பிறகு, y[n] என்று நினைவகத்தில் எழுதப்படும் அந்த ஒரே இடத்தில்தான் வைத்தேன். முன்னே சொன்ன மூன்று எண் கணக்கில் கோளாறு வந்ததோ, தொகை முடியும் முன்பே நடுவில் வெட்டியதால். ஆகவே சாச்சுரேஷன் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியைவிட, சங்கிலியின் எந்த இடத்தில் என்பதே தீர்மானிக்கிற கேள்வி.

இதற்குச் சரியான விடையை 1980-களிலேயே வன்பொருளில் எழுதிவைத்தவர்கள் மோட்டரோலாவின் டிஎஸ்பி 56000 குடும்பத்தை வடிவமைத்தவர்கள். 1988-இல் வந்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டருக்குள் இருந்த 56001 இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் தரவு 24 பிட். இரண்டு 24 பிட் எண்களைப் பெருக்கினால் 48 பிட் வரும். ஆனால் அக்யுமுலேட்டர் 56 பிட் அகலம். மேலே 8 பிட் உபரி. அந்த உபரியால், முழு வீச்சில் உள்ள பெருக்கல்கள் ஏறக்குறைய 256 வரை எந்த வரிசையில் கூட்டினாலும் எல்லை தாண்டாது. நடுவில் வெட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை. அக்யுமுலேட்டரிலிருந்து 24 பிட் எண்ணாக வெளியே எடுக்கும்போதுதான், அந்த வழியில் உட்கார்ந்திருக்கும் லிமிட்டர் தேவைப்பட்டால் எல்லை எண்ணை விடுகிறது. அப்போதும் உள்ளே இருக்கும் 56 பிட் தொகை அப்படியே இருக்கும். வெளியே போகும் நகல் மட்டும் வெட்டப்படும். கூட்டலைக் கூட்டலாகவே விட்டுவிட்டு, குறுகலான வாசலில் மட்டும் காவல் போட்ட இந்த அமைப்பைவிடத் தெளிவானதை நான் பார்த்ததில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், தொலைபேசிக் குரலைச் சுருக்கும் தரநிலைகளின் நிரல்கள் இருக்கின்றன. ஐடியு 1996-இல் வெளியிட்ட ஜி.729 குரலை நொடிக்கு 8 கிலோபிட்டாகச் சுருக்குகிறது. அதன் அதிகாரபூர்வ சி நிரல் முழுவதும் சில அடிப்படைச் செயல்களால் எழுதப்பட்டது. 16 பிட் எண்களுக்கு `add`, 32 பிட்டுக்கு `L_add`, பெருக்கிக் கூட்ட `L_mac`. எல்லாமே சாச்சுரேட் ஆகும். `L_mac` ஒவ்வொரு அடியிலும் 32 பிட்டில் வெட்டும். உபரிப் பிட் எதுவும் கிடையாது. அதாவது நான் மேலே குறை சொன்ன முறையே தரநிலையாக எழுதப்பட்டிருக்கிறது.

இதை நியாயப்படுத்த வலுவான காரணம் உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் தன் சிப்பில் இந்த நிரலை மறுபடி எழுதும். எல்லாருடைய வெளியீடும் கடைசிப் பிட் வரை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு எந்த அடியில் என்ன நடக்கும் என்பது ஐயமின்றிச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். 16 பிட் டிஎஸ்பிகள் செய்வதைப் போலவே செய்யும் செயல்களைத் தேர்ந்தெடுத்ததில் பொருளிருக்கிறது. ஆனால் விலையும் உண்டு. 40 சாம்பிள்களின் பெருக்கல் தொகையை இன்றைய பிராசஸரில் வேகமாக்க, நான்கு நான்காகப் பிரித்து நான்கு பகுதித் தொகைகளாகக் கூட்டி இறுதியில் சேர்ப்போம். சாதாரண முழு எண் கூட்டலில் இது முழுக்கப் பாதுகாப்பானது. சாச்சுரேஷனில் சேர்ப்புப் பண்பு இல்லாததால், நடுவே ஒரு தொகை எல்லையைத் தொட்டுவிட்டால் விடை மாறிவிடும். அடங்கிய குரலில் பேசும் பதிவுகளை வைத்துச் சோதித்தால் எதுவும் தெரியாது. எல்லாக் கோப்புகளும் பிட்டுக்குப் பிட் ஒத்துப்போகும். உரத்த ஒரு சாம்பிள் வரும்போதுதான் வெளியீடு பிரியும். இத்தகைய மாற்றத்தைச் செய்பவர், அந்தத் தொகை ஒருபோதும் எல்லையைத் தொடாது என்று முன்பே காட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வரிசையைத் தொடக்கூடாது.

இதே தரநிலையில் நான் மனமாரப் பாராட்டும் ஒன்றும் இருக்கிறது. அந்த அடிப்படைச் செயல்கள் எல்லையை வெட்டும்போது `Overflow` என்ற பொது மாறியில் 1 வைத்துவிட்டுப் போகின்றன. டிகோடர் குரலை மீட்டெடுக்கும் ஃபில்டரை ஓட்டும் முன் அதைப் பூஜ்யமாக்கும். ஓட்டி முடித்த பின் பார்க்கும். 1 ஆகியிருந்தால், அந்த ஃபில்டருக்குப் போன தூண்டல் சிக்னல் முழுவதையும் இரண்டு பிட் வலப்புறம் நகர்த்தி, அதாவது நான்கில் ஒன்றாக்கி, அதே பகுதியை மறுபடி கணக்கிடும். வெட்டிய விடையை அப்படியே வெளியே விடாமல், வெட்டு நடந்தது என்ற செய்தியைப் பயன்படுத்தி நல்ல விடையைத் தேடுகிறது. தரநிலையோடு தரப்படும் சோதனைக் கோப்புகளில் இந்தப் பாதையைச் சோதிப்பதற்காகவே `OVERFLOW` என்று ஒன்று இருக்கிறது. வெட்டுவது இங்கே வேலையின் பாதி மட்டுமே. வெட்டியதைச் சொல்வது மறுபாதி.

இந்த இரண்டாம் பாதி ஏன் இவ்வளவு தேவை? சாச்சுரேஷன் பிழையைச் சிறியதாக்குகிறது. அதனாலேயே கண்ணுக்குத் தெரியாமலும் ஆக்குகிறது. சுற்றிவந்த எண் ‘டக்’ என்று அறைந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வெட்டப்பட்ட அலையோ உச்சியில் தட்டையாகிச் சற்றுக் கரகரப்பாக ஒலிக்கும், அவ்வளவுதான். அந்தத் தட்டை உச்சி, மூலத்தில் இல்லாத உயர் அதிர்வெண்களை உண்டாக்குகிறது. சாம்பிள் வேகத்தின் பாதியைத் தாண்டும் பகுதி கீழே மடிந்து இறங்கி, சுருதிக்குத் தொடர்பே இல்லாத இடங்களில் விழுகிறது. பழைய அனலாக் ஆம்ப்ளிஃபையரில் வெட்டுப்பட்ட ஒலியைவிட டிஜிட்டலில் வெட்டுப்பட்ட ஒலி காதுக்குக் கடுமையாக இருப்பதற்கு இது ஒரு காரணம். பதிவில் இதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இயல்பான உச்சியில் 32767 என்ற எண் ஒருமுறை வரலாம். அதே எண் அடுத்தடுத்து நான்கைந்து சாம்பிள்களுக்கு நீண்டால், எங்கோ ஒரு கூட்டல் வெட்டியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் அதற்குப் பின் யாராவது வால்யூமைக் குறைத்திருந்தால் அந்த எண்ணும் மறைந்து, வேறொரு உயரத்தில் தட்டையான கோடு மட்டுமே மிஞ்சும்.

ஆகவே என் தீர்ப்பு இது. எண் அகலமான இடத்திலிருந்து குறுகலான இடத்துக்குப் போகும் வாசலிலும், வெளியீடு திரும்பி வரும் ஃபில்டர் தன் நிலையை நினைவகத்தில் எழுதும் இடத்திலும் சாச்சுரேட்டிங் கூட்டிதான் சரி; அங்கே சுற்றிவர விடுவதை ஒரு குறையாகவே கொள்ள வேண்டும். தொகை இன்னும் முடியாத நடு அடிகளில் அது தவறு. அங்கே உபரிப் பிட் கொடுக்க வேண்டும்; அது முடியாமல், ஆனால் இறுதித் தொகை அடங்கும் என்று தெரிந்திருந்தால், சுற்றிவரவே விட வேண்டும். எல்லையில் நின்றதைச் சொல்லாத சாச்சுரேஷனை, எந்த இடத்தில் இருந்தாலும், பாதி முடிந்த வேலையாகவே நான் மதிப்பிடுகிறேன்.

இந்த அளவுகோலில் இன்றைய பிராசஸர்கள் ஒரே மாதிரி தேறவில்லை. ஏஆர்எம் தன் 5டிஇ பதிப்பில் கொண்டுவந்த `QADD` எல்லையில் நின்றால், நிலைப் பதிவேட்டில் Q என்ற பிட்டை 1 ஆக்குகிறது. அடுத்த கூட்டல் சரியாக முடிந்தாலும் அது அழியாது. நிரல் தானே அழிக்கும் வரை நிற்கும். ஆயிரம் கூட்டல்கள் கொண்ட ஒரு லூப் முடிந்தபின் ஒரே ஒருமுறை பார்த்தால் போதும் என்பதால் இந்த ஒட்டிக்கொள்ளும் தன்மை மிக முக்கியம். 56000-இன் லிமிட்டரும் இதேபோல் ஒரு நிலைத்த பிட்டை விட்டுச் செல்கிறது. இன்டெல் 1997-இல் எம்எம்எக்ஸ் பென்டியத்தில் தந்த `PADDSW` நான்கு 16 பிட் கூட்டல்களை ஒரே அடியில் சாச்சுரேஷனோடு செய்துமுடிக்கும். ஆனால் எந்தக் கொடியையும் அது தொடுவதில்லை. வேகத்துக்காக வெட்டும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பின்னால் எட்டாகவும் அதற்கு மேலும் அகலமான அதன் வாரிசுகளும் அப்படியே.

வெட்டு நடந்தது என்ற அந்தச் செய்தியை நாமே வரவழைக்க முடியும். அதிகச் செலவும் இல்லை. மேலே வழிந்தால் சுற்றிவந்த விடை எப்போதும் எதிர்மமாகவும், கீழே வழிந்தால் எப்போதும் எதிர்மமல்லாததாகவும் இருக்கும். ஆகவே எல்லை தாண்டிய ஒவ்வொரு தடவையும் இரண்டு கூட்டிகளின் விடைகளும் நிச்சயம் வேறுபடும். தாண்டாதபோது நிச்சயம் ஒன்றாக இருக்கும். இரண்டையும் ஓட்டி ஒப்பிட்டால் போதும்:

```c
__m128i s = _mm_adds_epi16(a, b);
__m128i w = _mm_add_epi16(a, b);
ok = _mm_and_si128(ok, _mm_cmpeq_epi16(s, w));
```

`ok`-இன் எல்லாப் பிட்டுகளையும் 1 ஆக வைத்து லூப்பைத் தொடங்க வேண்டும். முடிந்ததும் அதன் எட்டு இடங்களில் ஏதாவது ஒன்று பூஜ்யமாகியிருந்தால், அந்தத் துண்டில் ஒலி வெட்டப்பட்டிருக்கிறது. ஜி.729 டிகோடரைப் போலவே தடங்களின் அளவைக் குறைத்துவிட்டு, அந்தத் துண்டை மறுபடி கலக்கலாம்.